வகுப்பில் எத்தனையாவது, பாடத்தில் எவ்வளவு: இரு தரமிடல் முறைகளும் மாணவர் ஊக்கமும்

கணிதத் தேர்வில் 71 மதிப்பெண் பெற்ற ஒரு மாணவிக்கு ஏ, பி, சி, டி என்ற நான்கு தரநிலைகளில் எதை வழங்குவது என்பதை ஆசிரியர் இரண்டு வழிகளில் முடிவு செய்யலாம். வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு பெற்றிருக்கிறார்கள் என்று வரிசைப்படுத்தி, அந்த வரிசையில் இவர் எந்த இடத்தில் இருக்கிறாரோ அதற்கு உரிய தரநிலையைக் கொடுப்பது ஒரு வழி. அதை இந்தக் கட்டுரையில் ஒப்பீட்டுத் தரமிடல் என்று அழைப்போம். மற்றவர்களின் மதிப்பெண்ணைப் பார்க்காமல், பாடத்தில் எதை எல்லாம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்து வைத்து, அதில் எவ்வளவை இவர் எட்டியிருக்கிறார் என்று பார்த்துத் தரநிலை கொடுப்பது மற்றொரு வழி. அது அளவுகோல் சார்ந்த தரமிடல். விடைத்தாளும் மதிப்பெண்ணும் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் தாளைத் திரும்பப் பெறும் மாணவி அதிலிருந்து என்ன புரிந்துகொள்கிறார், அடுத்த தேர்வுக்கு எப்படிப் படிக்கப் போகிறார் என்பது ஆசிரியர் இவற்றில் எந்த வழியைப் பின்பற்றுகிறார் என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது.

ஒப்பீட்டு முறை ஆசிரியர்களின் கடுமையிலிருந்து பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நியாயத்தை நாடியே கொண்டுவரப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் ஓர் ஆசிரியர் தாராளமாகவும் மற்றொருவர் கஞ்சத்தனமாகவும் மதிப்பெண் வழங்கியதால், ஒரே தரநிலை வெவ்வேறு வகுப்புகளில் வெவ்வேறு பொருள் தந்தது. மிசூரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் மேக்ஸ் மேயர், 1908இல் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தார். மாணவர்களில் 3 விழுக்காட்டினர் மிகச் சிறந்தவர்கள், 22 விழுக்காட்டினர் சிறந்தவர்கள், 50 விழுக்காட்டினர் நடுத்தரத்தினர், 22 விழுக்காட்டினர் அதற்குக் கீழானவர்கள், 3 விழுக்காட்டினர் தேர்ச்சி பெறாதவர்கள் என்று எல்லா ஆசிரியர்களும் ஒரே விகிதத்தில் பங்கிட்டால் முரண்பாடு நீங்கும் என்பது அவர் வாதம். அளவுகோல் சார்ந்த மதிப்பீடு என்ற கருத்தைத் தெளிவாக வரையறுத்து ராபர்ட் கிளேசர் எழுதிய கட்டுரை 1963இல்தான் வந்தது. மாணவரின் மதிப்பெண், அவரால் எதைச் செய்ய முடியும் என்பதைச் சொல்ல வேண்டும் என்பதும், யாரைவிட மேல் யாரைவிடக் கீழ் என்பது வேறு வகைத் தகவல் என்பதும் அதன் சாரம்.

இந்த வேறுபாடு ஒரு வகுப்பறையில் எப்படி வெளிப்படுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு வகுப்பில் 30 மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒப்பீட்டு முறையைப் பின்பற்றும் ஆசிரியர் முதல் 5 பேருக்கு ஏ, அடுத்த 10 பேருக்கு பி, அதற்கடுத்த 10 பேருக்கு சி, கடைசி 5 பேருக்கு டி என்று வகுத்திருக்கிறார். பின்னங்கள் பற்றிய முதல் தேர்வில் நம் மாணவி 58 மதிப்பெண் பெற்று 17ஆவது இடத்தில் இருக்கிறார். எனவே அவருக்கு சி கிடைக்கிறது. விடைத்தாளைப் பார்க்கும்போது, வெவ்வேறு பகுதியெண் கொண்ட பின்னங்களைக் கூட்டும் கணக்குகளில்தான் அவர் தொடர்ந்து தவறியிருப்பது தெரிகிறது. தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் நேரடியாகக் கூட்டிவிடுகிறார். அடுத்த சில வாரங்களில் ஆசிரியர் இதே பிழையை வகுப்பு முழுவதற்கும் விளக்குகிறார், மாணவியும் உழைக்கிறார். இரண்டாம் தேர்வில் அவர் 71 பெறுகிறார். வகுப்பின் சராசரியும் 60இலிருந்து 73க்கு உயர்ந்திருப்பதால், அவருடைய இடம் இப்போது 18. தரநிலை மீண்டும் சி.

அவருக்குக் கிடைத்திருக்கும் செய்தி என்ன என்பதை அவருடைய இடத்திலிருந்து யோசிக்க வேண்டும். தெரியாத ஒன்றைக் கற்றுக்கொண்டார், 13 மதிப்பெண் கூடியது, ஆனால் பள்ளியின் பதிவேட்டிலும் பெற்றோரின் கண்ணிலும் எதுவும் மாறவில்லை. இதே மாணவிக்கு, 80க்கு மேல் ஏ, 65க்கு மேல் பி, 50க்கு மேல் சி என்று முன்பே அறிவித்திருந்த ஆசிரியரிடம், சி என்பது பி ஆக மாறியிருக்கும். உழைப்பால் பலன் உண்டு என்று ஒரு மாணவர் நம்புவதற்கு, உழைத்தபோது ஏதோ ஒன்று நகர்ந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். ஒப்பீட்டு முறையில் அந்த நகர்வு மற்ற 29 பேர் என்ன செய்தார்கள் என்பதையும் சார்ந்திருக்கிறது. எவ்வளவு படித்தால் பி கிடைக்கும் என்று அவர் கேட்டால், ஆசிரியரிடம் நேர்மையான பதில் எதுவும் இருக்காது. ஆசிரியர் எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் ஏ பெறுவோரின் எண்ணிக்கை ஐந்தைத் தாண்டாது என்பதையும் கவனிக்க வேண்டும். கற்பித்தலின் வெற்றியே பதிவேட்டில் தெரியாமல் போகிறது என்பதுதான் இம்முறையின் ஆகப் பெரிய குறை என்று கருதுகிறேன்.

ஒப்பீட்டு முறை போட்டியை வளர்க்கிறது, போட்டி ஊக்கத்தை வளர்க்கிறது என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அது வகுப்பில் ஒரு சிலருக்கு மட்டுமே பொருந்துகிறது. மேலே சொன்ன வகுப்பில் 5ஆவது, 6ஆவது, 7ஆவது இடங்களில் இருப்பவர்களுக்குப் போட்டி உண்மையாகவே கடுமையானது. இரண்டு மதிப்பெண் கூடினால் ஏ, குறைந்தால் பி. மற்றவர்களைவிட 15 மதிப்பெண் முன்னால் இருக்கும் முதல் மாணவருக்கு இன்னும் படிக்கத் தரநிலை எந்தக் காரணமும் தருவதில்லை. 28ஆவது இடத்தில் இருப்பவர் எட்டு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றாலும் 26ஆவது இடத்துக்குத்தான் வருவார், அங்கேயும் டி தான். அவர் சில மாதங்களில் முயற்சியைக் கைவிடுவதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் தனக்கு முன்னால் வைக்கப்பட்ட கணக்கை அவர் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்.

இதைவிட நுட்பமான பாதிப்பு மாணவர்களுக்கு இடையிலான உறவில் விழுகிறது. 15ஆவது இடத்தில் இருக்கும் மாணவர், பின்னக் கணக்கு புரியாமல் வந்து கேட்கும் 16ஆவது மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தால், தன்னுடைய பி தரநிலையைத் தானே பணயம் வைக்கிறார். பிள்ளைகள் பெரும்பாலும் இவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை, நட்புக்காகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் குறிப்பேட்டை மறைப்பது, "நான் ஒன்றுமே படிக்கவில்லை" என்று தேர்வுக்கு முன் ஒருவரிடம் ஒருவர் சொல்வது, தாள் கைக்கு வந்ததும் எங்கே தவறினோம் என்று பார்க்காமல் "உனக்கு எவ்வளவு?" என்று பக்கத்து மேசையைப் பார்ப்பது ஆகியவை ஒப்பீட்டால் நடக்கும் வகுப்புகளில் வேரூன்றிவிடுகின்றன. அந்தக் கடைசிப் பழக்கம் கற்றலுக்கு நேரடியாகவே தீங்கு செய்கிறது, ஏனெனில் திருத்தப்பட்ட தாளைப் படித்துப் பிழையை அறிந்துகொள்வதற்கான கவனம் முழுவதும் பக்கத்து மேசைக்குப் போய்விடுகிறது.

ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கவனச் சிதறலை நேரடியாகச் சோதித்தது. இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரே வகைப் பணிகளைக் கொடுத்து, முதல் குழுவுக்கு அவர்கள் செய்த வேலையைப் பற்றிய எழுத்துக் கருத்து மட்டும், இரண்டாம் குழுவுக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாம் குழுவுக்கு இரண்டும் வழங்கப்பட்டன. மதிப்பெண்கள் மாணவர்களின் ஒப்பீட்டு நிலையைக் காட்டுவதாக அமைந்திருந்தன. கருத்து மட்டும் பெற்றவர்களின் ஆர்வம், முன்பு நன்றாகச் செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடு இல்லாமல், உயர்வாகவே இருந்தது. மதிப்பெண் பெற்றவர்களில், முன்னணியில் இருந்தவர்களின் ஆர்வம் குறையவில்லை, பின்தங்கியவர்களின் ஆர்வம் குறைந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாலாவது கருத்தின் பயன் கிடைக்கும் என்று எதிர்பார்ப்போம், அது கிடைக்கவில்லை. மதிப்பெண் கண்ணில் பட்ட பிறகு கருத்து அதன் வேலையைச் செய்யவில்லை.

ஒரு நாடு முழுவதும் ஒப்பீட்டு முறையில் இயங்கி, பிறகு அதைக் கைவிட்ட வரலாற்றை ஸ்வீடனில் காணலாம். அங்கே 1960களிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை பள்ளிகளில் 1 முதல் 5 வரையிலான தரநிலைகள் வழங்கப்பட்டன. நாட்டின் மாணவர்களில் 7 விழுக்காட்டினருக்கு 1, 24 விழுக்காட்டினருக்கு 2, 38 விழுக்காட்டினருக்கு 3, 24 விழுக்காட்டினருக்கு 4, 7 விழுக்காட்டினருக்கு 5 என்பது வகுக்கப்பட்ட விகிதம். இந்த விகிதம் நாடு முழுவதற்கும் உரியது. தனித்தனி வகுப்புக்கு உரியது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் பல ஆசிரியர்கள் அதைத் தங்கள் வகுப்புக்கே பொருத்தினார்கள். 30 பேர் கொண்ட வகுப்பில் 7 விழுக்காடு என்பது இரண்டு பேர்தான். மூன்றாவதாக ஒரு நல்ல மாணவி இருந்தால், ஐந்துகள் தீர்ந்துவிட்டன என்ற பதில் அவருக்குக் கிடைத்தது. ஒப்பீட்டு முறைக்கு எங்கும் நேரக்கூடிய பிழை இது: ஆயிரக்கணக்கானோருக்கு ஏற்ற புள்ளியியல் விகிதத்தை, தற்செயலாக ஒன்றுசேர்ந்த முப்பது பேர் மீது சுமத்துவது.

அதே ஸ்வீடனில் 1970களில், ஆறாம் வகுப்பில் தரநிலை வழங்குவதா வேண்டாமா என்பதை உள்ளாட்சிகளே முடிவு செய்துகொள்ளலாம் என்ற நிலை சில காலம் இருந்தது. சில ஊர்களில் வழங்கினார்கள், சில ஊர்களில் வழங்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் அல்லி கிளாப், இந்த இரு வகை மாணவர்களின் பிற்காலப் பதிவுகளை ஒப்பிட்டார். ஆறாம் வகுப்பில் தரநிலை பெற்ற மாணவர்களில், அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியிருந்தவர்கள், அதைப் பெறாத அதே நிலை மாணவர்களைவிட அடுத்த வகுப்புகளில் குறைவாகவே தேறினார்கள். மேல்நிலைப் படிப்பை முடிப்பதற்கான வாய்ப்பும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. இந்த ஒப்பீடு தரநிலை உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் இடையிலானதே தவிர, இரு முறைகளுக்கு இடையிலானது இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் அங்கே வழங்கப்பட்ட தரநிலை ஒப்பீட்டுத் தரநிலை என்பதால், 28ஆவது இடத்து மாணவரைப் பற்றி மேலே சொன்ன கணக்கோடு அது ஒத்துப்போகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, ஒப்பீட்டு முறையிடம் உள்ள ஓர் உண்மையான பலத்தையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் அமைத்த இயற்பியல் வினாத்தாள் எதிர்பாராத அளவு கடினமாகிவிட்டது, வகுப்பின் சராசரி 100க்கு 34 என்று வைத்துக்கொள்வோம். 50 பெற்றால்தான் தேர்ச்சி என்று முன்பே அறிவித்துவிட்டால், வினாத்தாளின் குறைக்கு மாணவர்கள் தண்டிக்கப்படுவார்கள். ஒப்பீட்டு முறையில் எல்லோருக்கும் ஒரே சிரமம்தான் என்பதால் அது தானாகவே சரியாகிவிடுகிறது. அளவுகோல் முறையை ஆதரிப்பவர்கள் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், ஏனெனில் 50, 65, 80 போன்ற எண்களையே அளவுகோல் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்கள் வினாத்தாளின் கடினத்தோடு சேர்ந்துதான் பொருள் தரும். மாணவரால் எதைச் செய்ய முடிய வேண்டும் என்பதே அளவுகோல். இந்தக் குறிப்பிட்ட தாளில் அதற்கு எத்தனை மதிப்பெண் ஈடு என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

அதைக் கணக்கிடும் வழிகளில் பரவலாகப் பயன்படுவது, வில்லியம் ஆங்காஃப் 1971இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அறியப்படும் முறை. தேர்ச்சியின் எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு மாணவரை, அதாவது குறைந்தபட்சத் தகுதியை மட்டும் எட்டியவரை, ஆசிரியர்கள் சிலர் மனத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். பிறகு ஒவ்வொரு வினாவையும் எடுத்து, இப்படிப்பட்ட மாணவர்கள் நூறு பேர் இருந்தால் எத்தனை பேர் இதற்குச் சரியான விடை எழுதுவார்கள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் பத்து கொண்ட ஒரு தாளுக்கு ஓர் ஆசிரியரின் மதிப்பீடு 90, 80, 80, 70, 60, 60, 50, 40, 30, 20 என்று இருந்தால், கூட்டுத்தொகை 580. நூறால் வகுத்தால் 5.8. அந்தத் தாளில் தேர்ச்சிக்கு ஏறத்தாழ 6 மதிப்பெண் வேண்டும். அடுத்த முறை கடினமான தாள் ஒன்றுக்கு அதே ஆசிரியர் 70, 60, 50, 50, 40, 40, 30, 30, 20, 10 என்று மதிப்பிட்டால், கூட்டுத்தொகை 400, தேர்ச்சி மதிப்பெண் 4. எண் இறங்கியிருக்கிறது, ஆனால் எதிர்பார்க்கப்படும் திறன் அதே இடத்தில் இருக்கிறது. பல ஆசிரியர்களின் எண்களைச் சராசரி எடுத்து, மதிப்பீடுகள் வெகுவாக வேறுபடும் வினாக்களைப் பற்றி அவர்களைப் பேசச் செய்தால், தனிமனிதரின் சாய்வு குறையும். இது மனித ஊகத்தை நம்பிய முறைதான். ஆசிரியர்கள் வினாக்களை உண்மையைவிட எளிதாக எண்ணிவிடும் ஆபத்து அதில் எப்போதும் உண்டு. ஆனாலும் கடினமான தாளுக்கு அதில் தீர்வு இருக்கிறது, அந்தத் தீர்வுக்காக மாணவர்களை ஒருவருக்கு ஒருவர் போட்டியாக நிறுத்த வேண்டியதில்லை.

அளவுகோல் முறைக்கு மாறிவிட்டாலே மாணவர்களின் ஊக்கம் வளர்ந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. முதல் சிக்கல் அளவுகோலின் சொற்களில் இருக்கிறது. கட்டுரை எழுதுவதற்கான அளவுகோல் "கருத்துகளைச் சிறப்பாக வெளிப்படுத்துகிறார்" என்று இருந்தால், சிறப்பு என்பது எதைவிடச் சிறப்பு என்று ஆசிரியரால் சொல்ல முடியாது. அவர் அன்றைக்குத் திருத்திய மற்ற கட்டுரைகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார். நான்கு பலவீனமான கட்டுரைகளுக்குப் பிறகு கைக்கு வரும் சுமாரான கட்டுரை ஏ வாங்கிவிடும். பெயர் அளவுகோல் முறை, நடப்பது ஒப்பீடு. அதுவும் மாணவருக்குத் தெரியாமல் நடக்கும் ஒப்பீடு. அதற்குப் பதிலாக, "தன் கருத்துக்கு எதிரான ஒரு வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லி, அதற்குக் காரணத்தோடு பதில் தருகிறார்" என்று எழுதியிருந்தால், மாணவி தன் கட்டுரையை ஒப்படைக்கும் முன்பே அது அதில் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளலாம். தன் வேலையைத் தானே மதிப்பிடத் தெரிந்த மாணவருக்குத்தான் அளவுகோல் முறையின் ஊக்கப் பயன் முழுமையாகக் கிடைக்கிறது.

இரண்டாவது சிக்கல் அளவுகோல்களை எப்படித் தொகுப்பது என்பது. ஸ்வீடன் 2011இல் ஏ முதல் எஃப் வரையிலான புதிய தரநிலைகளுக்கு மாறியபோது, உயர்ந்த தரநிலை பெற அதற்குரிய நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவு செய்திருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. கேட்பதற்கு இது நேர்மையாகவே தோன்றுகிறது. ஆனால் எட்டு நிபந்தனைகளில் ஏழில் மிகச் சிறப்பாகவும் ஒன்றில் சுமாராகவும் செய்த மாணவரின் தரநிலையை அந்த ஒன்று கீழே இழுத்துவிடும். ஆண்டின் தொடக்கத்திலேயே ஒன்றில் சறுக்கியவருக்கு, மற்ற ஏழில் உழைக்கக் காரணம் குறைகிறது. 28ஆவது இடத்து மாணவரின் மனநிலை, அளவுகோல் முறையிலேயே திரும்பி வந்துவிடுகிறது. 2022இல் அங்கே விதியைத் தளர்த்தி, உயர்ந்த தரநிலைகளுக்கு மாணவரின் அறிவை ஒட்டுமொத்தமாக எடைபோடலாம் என்று மாற்றினார்கள்.

எல்லைக்கோடுகள் உள்ள எந்த முறையிலும், கோட்டுக்கு அருகில் இருப்பவர்களே அதிகம் உழைப்பார்கள் என்பதையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும். 65 பெற்றால் பி என்றால், 63இல் இருப்பவர் விழித்திருந்து படிப்பார், 70இல் இருப்பவர் நிம்மதியாக இருந்துவிடுவார். ஒப்பீட்டு முறையிலிருந்து இது வேறுபடும் இடம், கோடு அசையாமல் நிற்கிறது என்பதும், அதைத் தாண்ட எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் இடம் இருக்கிறது என்பதும்தான். இதன் மறுபக்கமாக, கோடு அசையாது என்பதை உறுதி செய்ய யாரும் இல்லாதபோது, ஆசிரியர்கள் மீதும் பள்ளிகள் மீதும் உள்ள அழுத்தத்தால் கோடு மெல்ல மெல்லக் கீழிறங்கவும் கூடும். ஸ்வீடனில் 1990களின் நடுப்பகுதியில் ஒப்பீட்டு விகிதங்கள் நீக்கப்பட்ட பிறகு மேல்நிலைப் பள்ளிகளின் சராசரித் தரநிலை சில ஆண்டுகளில் உயர்ந்தது. மாணவர்களின் அறிவு அந்த அளவுக்கு உயர்ந்ததற்குச் சான்று கிடைக்காததால், அது தரநிலைகளின் வீக்கம் என்றே பரவலாகக் கருதப்பட்டது.

கோடு இறங்குகிறதா என்பதை ஒரு தனி ஆசிரியரும் தன் அளவில் கண்டுபிடிக்கலாம். கடந்த ஆண்டு ஏ, பி, சி ஒவ்வொன்றின் கீழ் எல்லையில் நின்ற இரண்டு மூன்று விடைத்தாள்களைப் பெயர் நீக்கிப் பாதுகாத்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டின் தாள்களைத் திருத்தும்போது, தான் முன்பு வழங்கிய தரநிலை தெரியாதவாறு அவற்றைக் கட்டுக்கு நடுவில் கலந்து, மீண்டும் திருத்த வேண்டும். கடந்த ஆண்டு சி பெற்ற தாள் இந்த ஆண்டு பி பெற்றால், ஒன்று கோடு இறங்கியிருக்கிறது, அல்லது சுற்றியுள்ள தாள்கள் பலவீனமாக இருந்ததால் கை தாராளமாகிவிட்டது. எப்படியானாலும் கட்டை மறுபடி பார்க்க வேண்டும். அதே தாள்களைத் தேர்வுக்கு முன் மாணவர்களிடம் கொடுத்து, இது ஏன் பி, அது ஏன் சி என்று அளவுகோலை வைத்து அவர்களையே விவாதிக்கச் செய்தால், தரநிலை எதைக் குறிக்கிறது என்பது அவர்களுக்குத் தேர்வு முடிந்த பிறகு தெரியவரும் செய்தியாக இருக்காது. பின்னங்களில் தடுமாறிய நம் மாணவி, 58க்கும் 71க்கும் இடையில் தான் எந்தப் பிழையைத் திருத்திக்கொண்டார், 80ஐ எட்ட இன்னும் எந்த வகைக் கணக்கு கைவர வேண்டும் என்பதை அந்தத் தாள்களைப் பார்த்தே சொல்லிவிடுவார்.